தீயில் எரிந்த சரக்கு: ‘இலாப விகிதம்’ எந்த விகிதம்?

கயல்விழி:
குழுவினருக்கு வணக்கம். பி.காம். இரண்டாம் ஆண்டுப் பாடநூலில் தீவிபத்து இழப்பீடு பற்றிய பகுதியை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

கணக்கு இதுதான். அக்டோபரில் ஒரு ஜவுளிக்கடை எரிந்துபோகிறது. ஏப்ரல் 1-இல் இருப்பு 12 லட்சம். அன்று முதல் தீப்பிடித்த நாள் வரை கொள்முதல் 42 லட்சம், விற்பனை 60 லட்சம். கடைக்காரர் “25 சதவீதம் இலாபம் வைத்து விற்கிறேன்” என்கிறார். எரிந்த அன்று கடையில் எவ்வளவு சரக்கு இருந்திருக்கும்? போன வகுப்பில் பாதிப் பேர் 9 லட்சம் என்றார்கள், பாதிப் பேர் 6 லட்சம் என்றார்கள். தப்பு என் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அடக்க விலை மேல் பார்க்கும் இலாபம், விற்பனை மேல் பார்க்கும் இலாபம் இரண்டையும் ‘இலாப விகிதம்’ என்றே எழுதியிருந்தேன்.

செந்தில்:
தப்பு கடைக்காரர் பேச்சிலிருந்தே தொடங்குகிறது. கடைவீதியில் “25 வைத்து” என்றால் அடக்கத்தின் மேல் 25. 100 ரூபாய்ப் புடவை 125-க்குப் போகும். கணக்குப் புத்தகத்தில் அதே இலாபம் விற்பனையில் 20 சதவீதமாக நிற்கும். ஆகவே 60 லட்ச விற்பனைக்கு அடக்கம் 48 லட்சம். 12-உம் 42-உம் சேர்ந்த 54-இல் 48 போக மிச்சம் 6 லட்சம். விற்பனையிலேயே 25 என்று கழித்தவர்களுக்கு அடக்கம் 45 ஆகி இருப்பு 9 ஆகிவிட்டது. இழப்பை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் முந்தைய இரண்டு மூன்று ஆண்டு வியாபாரக் கணக்கை எடுத்துப் பார்ப்பார். அதில் 20 இருந்தால் 9 லட்சக் கோரிக்கை அங்கேயே விழும்.

புலவர் மாணிக்கம்:
‘இலாபம்’ வடசொல். ‘ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்ற வள்ளுவர் வாக்கில் ஊதியம் என்றால் பயன், ஆதாயம். எனவே ‘அடக்க ஊதியம்’, ‘விற்பனை ஊதியம்’. இன்னும் நுட்பம் வேண்டுமானால் பின்னங்களுக்குத் தமிழில் கீழ்வாய் இலக்கமே இருக்கிறது. இருபதில் ஒன்று ஒரு மா. அடக்கத்தில் கால் என்பது விலையில் நாலு மா. எவ்வளவு அழகு!

கயல்விழி:
ஐயா, ‘விற்பனை ஊதியம்’ என்று எழுதினால் கடைப்பையன் சம்பளம் என்று படிப்பார்கள்.

யூசுஃப்:
2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். சரக்கோடு பில் புத்தகமும் போய்விட்டது. விகிதம் கிடக்கட்டும், விற்பனை எவ்வளவு என்று எப்படிக் காட்டுவது? ஆடிட்டரிடம் இருந்த வாட் ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மெண்ட், சப்ளையர்களிடம் கெஞ்சி வாங்கிய பில் நகல்கள், இவற்றை வைத்துத்தான் ஒப்பேற்றினேன். அதற்கு ஒரு சொல் கண்டுபிடியுங்கள்.

ராகவன்:
முந்தைய ஆண்டுக் கணக்கிலிருந்து எடுக்கும் விகிதம் எப்போதும் விற்பனை மேல்தான். ஒரே சொல் போதும். ஏன் இரண்டு?

செந்தில்:
கணக்கிலிருந்து எடுத்தால் நீங்கள் சொல்வது சரி. கடைக்காரர் வாயால் சொன்னால்தான் குழப்பம், தேர்வுத்தாளிலும் அப்படித்தான் கேட்பார்கள். அப்புறம் இன்னொன்று. அந்த 60 லட்சத்தில் 6 லட்சம் ஆடித் தள்ளுபடியில் அடக்க விலைக்கே போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 20 சதவீத இலாபம் கழிக்கக் கூடாது. மீதி 54 லட்சத்துக்கு அடக்கம் 43.2 லட்சம், தள்ளுபடிச் சரக்கு 6 லட்சம், ஆக 49.2. இருப்பு 4.8 லட்சம்தான். விகிதம் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல் இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கும் முறை இது. தள்ளுபடி மாதம் அந்த நம்பிக்கையை உடைத்துவிடும். யூசுஃப் பாய் சொன்னது இதைவிடப் பெரிய சிக்கல், ஆனால் அது தனி இழை.

கயல்விழி:
அப்படியானால் ‘அடக்கமேல் இலாபம்’, ‘விற்பனைமேல் இலாபம்’. சந்தையில் சொல்வதுபோலவே இருக்கிறது.

ராகவன்:
‘மேல்’ என்றால் மாணவன் கூட்டிவிடுவான். விற்பனையில் ‘உள்’ அல்லவா இருக்கிறது இலாபம்? ‘விற்பனையுள் இலாபம்’ என்று போடுங்கள்.

செந்தில்:
ராகவன் இந்த முறை பிடித்துவிட்டார். அடக்கத்துக்கு மேலே வைப்பது, விலைக்குள்ளே இருப்பது. ‘அடக்கமேல்’, ‘விலையுள்’. எனக்குச் சம்மதம்.

புலவர் மாணிக்கம்:
அமைப்பு சரி. ‘இலாபம்’ மட்டும் என் கண்ணை உறுத்துகிறது. எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

கயல்விழி:
பதிவானது, ஐயா. வெள்ளிக்கிழமை ‘அடக்கமேல் இலாபம்’, ‘விலையுள் இலாபம்’ என்றே அனுப்புகிறேன். பதிப்பாசிரியர் ‘விலையுள்’ அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தாமல் இருக்க வேண்டும்.

யூசுஃப்:
என் இழையை யார் தொடங்குகிறீர்கள்?