குடிதண்ணி: யூனிட்டுக்கு 20, மாதம் 400. இது நியாயமோ?

கனகராயன்:
எங்கட ஊர்க் குழாய்த் தண்ணித் திட்டத்தில 200 வீடு. மாதம் 2,000 யூனிட் போகுது. மின்சாரமும் குளோரினும் யூனிட்டுக்கு 20 ரூபா. மோட்டர் ஓட்டுறவரின்ர சம்பளம், கடன் தவணை, திருத்த வேலை எல்லாம் மாதம் 80,000. இப்ப யூனிட்டுக்கு 60 எடுக்கிறம். இனி யூனிட்டுக்கு 20, வீட்டுக்கு மாதம் நிலையான கட்டணம் 400 எண்டு திட்டத்தை நடத்துற சங்கத்தார் பிரதேச சபையிட்ட ஒப்புதல் கேக்கப்போகினம். இது ஏழைச் சனத்துக்கு அநியாயம் இல்லையோ?

முள்ளியவளை அக்கா:
அநியாயம்தான். தனிய இருக்கிற ஒரு கிழவி 4 யூனிட் எடுப்பா. இப்ப 240 கட்டுறா, இனி 480. தோட்டத்துக்கு 25 யூனிட் எடுக்கிறவர் 1,500 கட்டினவர், இனி 900. இல்லாதவளிட்ட வாங்கி இருக்கிறவனுக்குக் குடுக்கிற வேலை.

மாங்குளத்தான்:
அக்கா, கணக்குச் சரி. ஆனால் 60-இல ஒரு நட்டம் ஒளிஞ்சிருக்கு. கத்தரிக்கு இன்னும் 3 யூனிட் விட்டால் தனக்கு 50 ரூபாப்படி பிரயோசனம் எண்டு நினைக்கிற வீடு, 60 எண்டபடியால் விடாது. அந்தத் தண்ணியை ஏத்த ஊருக்கு 20தான் செலவு. செடியும் வாடுது, சங்கத்துக்கும் ஒரு சதம் மிச்சமில்லை. 80,000 எண்டது தண்ணி ஓடினாலும் ஓடாட்டிலும் வாற செலவு. அதை யூனிட்டின்ர தலையில கட்டுறதாலதான் இந்தக் கோளாறு.

வவுனியா ரவி:
அப்ப 20-ஐ மட்டும் எடுங்கோ, 80,000-ஐ அரசாங்கம் கட்டட்டும். 1938-இல ஹோட்டலிங் எண்ட பொருளியலாளர் இதைத்தானே சொன்னவர்?

மாங்குளத்தான்:
சொன்னவர்தான். 1946-இல ரொனால்ட் கோஸ் எண்ட இன்னொரு பொருளியலாளர் அதை மறுத்தவர். பாவிக்கிற சனம் முழுச் செலவையும் கட்டத் தயாரோ எண்டு பாக்காமல், அந்தத் திட்டம் போடத் தகுந்ததோ எண்டு எப்பிடி அறியிறது? குழாயே போகாத ஊர்ச்சனம் ஏன் வரி கட்டோணும்? யூனிட்டுக்கு ஒண்டு, இணைப்புக்கு ஒண்டு எண்டு பிரிச்சு வாங்கச் சொல்லித்தான் அவர் எழுதினவர்.

பூட்டின வீடு:
நான் கொழும்பில வேலை. வீடு பூட்டிக் கிடக்கு. ஒரு சொட்டும் எடுக்காமல் 400 கட்டோணுமோ? வேற ஒரு இடத்தில இப்பிடித்தான் ஒரு வருசக் காசு நிலுவை எண்டு துண்டு அனுப்பினவை.

மாங்குளத்தான்:
தம்பி, உங்கட வீட்டையும் எண்ணித்தான் தாங்கி கட்டினது, கடன் எடுத்தது. இணைப்பை வெட்டிப்போட்டு நினைச்ச நேரம் சும்மா திரும்பச் சேரலாம் எண்டால், சொந்தக் கிணறு உள்ள எல்லாரும் மாரியில வெட்டிக் கோடையில வந்து நிப்பினம். திரும்பச் சேர விடுபட்ட மாதங்களின்ர காசைக் கட்டோணும் எண்டு விதி வையுங்கோ.

அக்கா சொன்ன கிழவிதான் உண்மையான சிக்கல். அப்பிடி 40 வீடு 400-க்குப் பயந்து வெட்டினால் மிச்சம் 160-க்கு 500 ஆகும். அதைப் பாத்து இன்னும் சிலர் போவினம். அந்த 40-க்கு 150 மட்டும் எடுத்தால் 6,000 வரும். மிச்சம் 74,000-ஐ 160-ஆல் பிரிச்சால் 463 கிட்ட. 500-ஐ விடக் குறைவு. கிழவியை வைச்சிருக்கிறது தோட்டக்காரருக்கும் லாபம்.

முள்ளியவளை அக்கா:
அப்ப 5 யூனிட் வரைக்கும் எடுத்தால் 150 எண்டு போடுங்கோவன். முடிஞ்சுது.

மாங்குளத்தான்:
அதுதான் கூடாது. 5-இல இருந்து 6-க்குப் போனால் நிலையான கட்டணம் 150-இல இருந்து 463. யூனிட்டின்ர 20-ஐயும் சேர்த்தால் ஆறாவது யூனிட்டின்ர விலை 333 ஆகிப்போகும். மீற்றரைப் பாத்துப் பாத்துப் பிள்ளையைக் குளிக்க வாக்காத வீடுகள் வரும். மாசாமாசம் பில்லில கனபேர் சரியா 5 யூனிட்டில நிண்டால் அதுதான் அடையாளம். சலுகையைத் தண்ணி அளவோட கட்டாமல் வேற ஒண்டோட கட்டோணும். அஸ்வெசும பட்டியல் இருக்கு.

முள்ளியவளை அக்கா:
அந்தப் பட்டியலில பேர் வராத ஏழைகள் எங்கட தெருவிலயே இருக்கினம். அவைக்கு 463-ஓ?

வவுனியா ரவி:
ஆவணியில கிணத்து மட்டம் இறங்கி, தாங்கி நிரம்பாமல் முறை வைச்சு விடுறியள். அப்பவும் 20-ஓ? ஒருத்தர் கூட எடுத்தால் மேட்டு வீட்டுக்குத் தண்ணி ஏறாது.

மாங்குளத்தான்:
அந்த நேரம் 20 பிழைதான். மேட்டு வீடு இழக்கிறதும் செலவுதான். முறை வைக்கிற மாதங்களில யூனிட் விலையைக் கூட்டி, வாற மேலதிகக் காசால எல்லாற்ற நிலையான கட்டணத்தையும் குறைக்கலாம். மேட்டு வீடுகளும் ஒத்துக்கொள்ளும். அக்காவின்ர கேள்விக்குப் பட்டியலை விட்டால் ஊர்க்கூட்டம்தான் இருக்கு. அங்க ஆர் ஏழை எண்டு ஆர் சொல்லுறது, அதுக்கு என்னட்ட வழியில்லை.

முள்ளியவளை அக்கா:
கூட்டத்தில கை தூக்கி நான் ஏழை எண்டு சொல்ல எந்தக் கிழவியும் வரமாட்டா. எனக்கு 60-ஏ காணும்.

கனகராயன்:
கோடை விலையையும் திரும்பச் சேருற விதியையும் கடிதத்தில சேர்க்கச் சொல்லுறன். 150-க்கு ஆரைச் சேர்க்கிறது எண்டு வெறுமையா விட்டு அனுப்பினால் சபை திருப்பி அனுப்பும். அதுக்கு ஆரும் யோசனை இருந்தால் கூட்டத்துக்கு முதல் எழுதுங்கோ.