தாத்தா சிரிக்கிறார், அந்தப் பல் எங்கிருந்து வந்தது?

கடைக்குட்டி:
தாத்தாவோட பழைய ஸ்டுடியோ படத்தை ஒரு ஏஐ கருவியில போட்டு அசைய வெச்சுப் பார்த்தேன். தலையைத் திருப்பி, கண்ணைச் சிமிட்டி, பல் தெரியச் சிரிக்கிறார். நூத்துக்கு நூறு அவரேதான். இதெல்லாம் பொய்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இருக்கிற படத்தைத்தான் அந்தக் கருவி நகர்த்துது, புதுசா எதையும் சேர்க்கலை.

இருட்டறை:
நீங்களே போட்டிருக்கும் மூலப் படத்தில் தாத்தா வாயை இறுக மூடியிருக்கிறார். ஒரு பல்கூட வெளியே தெரியவில்லை. வீடியோவில் மேல்வரிசையே தெரிகிறது. எதையும் சேர்க்கவில்லை என்றால் அந்தப் பல் எங்கிருந்து வந்தது? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கடைக்குட்டி:
அம்மா பார்த்துட்டு அழுதுட்டாங்க. சொந்த அப்பாவை அவங்களுக்கு அடையாளம் தெரியாதா, உங்களுக்குத்தான் தெரியுமா?

நிரல்காரன்:
கடைக்குட்டி சொல்றதை ஒரேயடியா தள்ள முடியாது. இந்த வகைக் கருவி முகத்தில் சில புள்ளிகளைப் பிடிச்சுக்குது. வேறு யாரோ தலையாட்டிப் பதிவு செஞ்ச வீடியோவில் அந்தப் புள்ளிகள் எப்படி நகருதோ, அப்படியே நம்ம படத்தை இழுத்து வளைக்குது. 2021-ல் பழைய படங்களை அசைய வைக்கிற டீப் நாஸ்டால்ஜியா வந்தப்பவும் இப்படித்தான், முன்கூட்டியே எடுத்து வெச்ச அசைவுகள்தான் எல்லாருடைய படத்துக்கும் ஏறுச்சு. அதனால தோல், மச்சம், நெத்திச் சுருக்கம் எல்லாம் அசல் படத்தில் இருந்தே வருது. முகம் அவருடையதுதான்.

இருட்டறை:
தோல் சரி, மச்சமும் சரி. இழுக்க ஏதாவது இருக்கிற இடத்தில் இழுக்கும். இழுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் என்ன செய்யும்? தலை திரும்பினால் வெளிப்படும் காதின் பின்புறம், கண்ணை மூடினால் தெரியும் இமை, உதடு பிரிந்தால் தெரியும் வாயின் உட்புறம், இவை எதுவும் அந்தக் காகிதத்தில் பதிவாகவே இல்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய மாடல், இந்த இடத்தில் வழக்கமாக இப்படித்தான் இருக்கும் என்று வரைந்து நிரப்புகிறது. தாத்தாவின் பல் அப்படி வரையப்பட்டதுதான்.

அசைவும் அவருடையது இல்லை. நிரல்காரன் சொன்னபடியே அது வேறொருவர் தலையாட்டியது. உங்கள் தாத்தா சிரிக்கும்போது வாய் எந்தப் பக்கம் முதலில் ஏறும், கண் எவ்வளவு சுருங்கும் என்பதையெல்லாம் ஒரே ஒரு அசையாப் படத்தில் இருந்து எடுக்கவே முடியாது.

கடைக்குட்டி:
வேணும்னே திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதே பல், அதே வரிசை. கற்பனைன்னா ஒவ்வொரு தடவையும் வேற மாதிரிதானே வரணும்? இப்ப என்ன சொல்றீங்க?

இருட்டறை:
அதே படம், அதே அசைவு வீடியோ, அதே மாடல் என்றால் அதே விடைதான் வரும். ஒரே பொய்யை இரண்டு தடவை ஒரே மாதிரி சொன்னால் அது உண்மையாகிவிடாது. சோதிக்க வேண்டுமா? வாயை மூடியிருக்கும் வேறொருவர் படத்தை எடுத்து, இதே அசைவை அதற்கு ஏற்றிப் பாருங்கள். அவருக்கும் இதே சீரான வரிசைப் பல் வருகிறதா என்று பாருங்கள். எழுத்தில் காட்சியைச் சொல்லி வீடியோ செய்யும் புதுவகை மாடல் என்றால் வேறு சோதனை இருக்கிறது. மாடல் எந்தத் தற்செயல் புள்ளியில் தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் ஸீட் எண்ணை மாற்றி நான்கைந்து தடவை ஓட்டுங்கள், ஒவ்வொன்றிலும் மாறுவதெல்லாம் படத்தில் இல்லாதது.

ஊஞ்சல்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்ககிட்ட அம்மாவோட சின்ன வயசுப் படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுவும் பள்ளிக்கூடக் குழுப் படம், கடைசி வரிசையில நிக்கிறாங்க. அதை அசைய வெச்சப்போ முதல் ஒரு நொடி அம்மாதான். அப்புறம் மெதுவா வேற குழந்தை ஆயிடுச்சு. கன்னம் உருண்டை ஆச்சு, மூக்கு சின்னதாச்சு. இதுக்கும் பல்லுதான் காரணமா?

இருட்டறை:
இல்லைங்க, அது அளவுப் பிரச்சினை. குழுப் படத்தில் ஒரு முகம் 48 பிக்சல் அகலம் இருக்கிறது என்று வையுங்கள். இப்போதுள்ள வீடியோ மாடல்கள் பலவும் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அப்போது அம்மாவின் முகம் அகலவாக்கில் ஆறே கட்டத்துக்குள் அடங்கிவிடும், ஒரு கண்ணுக்கு ஒரு கட்டம் கிடைத்தாலே பெரிது. முதல் ஃபிரேம் உங்கள் படம் என்பதால் சரியாக இருக்கும். அதன் பிறகு அந்தக் கொஞ்சக் கட்டங்களை வைத்து மாடல் ஒரு குழந்தை முகத்தை ஊகிக்கிறது. ஆகவே முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். கண்களுக்கு இடையிலான தூரம், காது, தாடைக் கோடு எங்கே நகர்ந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

குழுப் படத்தை அப்படியே கொடுக்காதீர்கள். காகிதப் பிரதியை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அம்மாவின் முகத்தை மட்டும் வெட்டிக் கொடுங்கள். பிரதியில் முகம் 1 செ.மீ. இருந்தால் சுமார் 470 பிக்சல் கிடைக்கும். 300-ல் எடுத்தால் 118-தான்.

நிரல்காரன்:
ஆரம்பிச்சாச்சு ஸ்கேன் புராணம். போன தடவை இதே வாதத்துலதான் என்னை "ஃபோன் கேமராக்காரன்"னு சொன்னீங்க, மறக்கலை. பிரதியே மங்கலா இருந்தா 1200-ல் எடுத்தாலும் அதே மங்கல்தான் பெருசா வரும். அதுக்குத்தான் CodeFormer மாதிரி முகத்தைத் தெளிவாக்கும் கருவி இருக்கு.

இருட்டறை:
மறக்க வேண்டாம், இப்பவும் அதையேதான் சொல்கிறேன். பிரதியே மங்கல் என்றால் ஸ்கேனர் ஒன்றும் செய்ய முடியாது, சரி. ஆனால் அந்தக் கருவியில் `-w` என்று ஒரு எண் கொடுப்பது எதற்கு? 1-ஐ நெருங்கினால் உங்கள் படத்தை ஒட்டி வரும். 0-ஐ நெருங்கினால் பளபளப்பாக வரும், ஆள் மாறும். செய்தவர்களே இரண்டும் ஒருசேரக் கிடைக்காது என்று ஒத்துக்கொண்டு வைத்த எண் அது. நீங்கள் எத்தனையில் வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பழைய ஆல்பம்:
எல்லாரும் அசல் படம் உண்மைன்னு வெச்சுக்கிட்டுப் பேசுறீங்க. அந்தக் காலத்து ஸ்டுடியோவில் நெகட்டிவ் மேலயே பென்சிலால் தீட்டிச் சுருக்கத்தை எடுப்பாங்க. கடைக்குட்டியோட தாத்தா நெத்தி அவ்வளவு வழவழன்னு இருக்குறதைப் பாருங்க. அதுக்கு யாரும் கோவப்படலையே?

இருட்டறை:
தீட்டியவர் எதிரே உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்துவிட்டுத் தீட்டினார். மாடல் யாரையும் பார்க்கவில்லை.

பழைய ஆல்பம்:
பார்த்துட்டுப் பொய் சொன்னா பரவாயில்லையாக்கும்.

நிரல்காரன்:
சண்டையே வேண்டாம்னா வாயைத் தொடாம விடுங்க. LivePortrait-ல் `--animation_region eyes` கொடுத்தா கண்ணை மட்டும்தான் அசைக்கும். உதடு பிரியாது, பல்லும் வராது.

இருட்டறை:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் இமை வரைந்ததுதான்.

கடைக்குட்டி:
சிரிக்காத தாத்தா எனக்கு எதுக்கு? நீங்க சொன்ன சோதனையையும் செஞ்சாச்சு. பக்கத்து வீட்டு மாமா படத்துக்கும் கிட்டத்தட்ட அதே பல்லுதான் வந்துச்சு. அதனால என்ன? எல்லாருக்கும் பல் வரிசையாத்தானே இருக்கும்.

ஊஞ்சல்:
உங்க பெரிய மாமாகிட்ட கேட்டீங்களா? தாத்தாவைக் கடைசிவரை கூட இருந்து பார்த்தவர்னு போன மாசம் நீங்கதானே எழுதினீங்க.

கடைக்குட்டி:
கேட்டேன். முன்பல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும், அதனாலதான் படம் எடுக்கும்போது வாயை மூடிப்பார்னு சொன்னார். அவருக்கு வயசாயிடுச்சு, எதையாவது சொல்வார்.

இருட்டறை:
கூடவே இருந்த மகன் சொல்வதைவிட அந்த வீடியோ பெரிதாகிவிட்டதா? மறுபடியும் கேட்கிறேன், அந்தப் பல் எங்கிருந்து வந்தது?

கடைக்குட்டி:
பல்லு, பல்லு, பல்லு. உங்களுக்கு வேற வேலையே இல்லை. நாளைக்குப் பாட்டி படத்தைப் போடுறேன், அதுல பல் தெரியும். அப்ப என்ன சொல்றீங்கன்னு பார்க்கிறேன்.

இருட்டறை:
போடுங்கள். மூலப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள், 1200-ல்.