புதுப்பிப்பு: கண்ணையும் வாயையும் வறளவைக்கும் ஷோக்ரன் நோயின் கண் வறட்சி, கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் பிளக், சொந்த ரத்தத்திலிருந்து செய்யும் சீரம் சொட்டு

“பிளக் வைத்த பிறகு எரிச்சல் கூடிவிட்டதே, எடுத்துவிடலாமா?”

எரிச்சல் எங்கே என்று முதலில் பாருங்கள். மூக்கோரம் மட்டும் குத்தினால், பிளக்கின் தலை துருத்தி வெள்ளைவிழியை உரசக்கூடும். மருத்துவர் அளவு மாற்றிப் பார்ப்பார். கண் முழுக்க எரிந்தால், அழற்சி அடங்குமுன்பே அடைத்திருக்கலாம்: அழற்சி கலந்த கண்ணீர் வடியாமல் தேங்குகிறது. அப்போது அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு பற்றிக் கேளுங்கள். பலன் தெரிய மாதங்கள்கூட ஆகும்.

“சொந்த ரத்தம்தானே, சீரம் கெடாது” என்று ஒருவர் எழுதியது பாதிதான் சரி. ஒவ்வாமை அரிது, ஆனால் கெடாமல் காக்கும் பதப்படுத்தும் பொருள் சேர்க்காததால் கிருமி எளிதில் வளரும். குப்பிகளை உறையவைத்து, பயன்படுத்துவதை மட்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள். கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

சொட்டில் சீரம் 20 சதவீதமா, 50 சதவீதமா இருக்க வேண்டும் என்ற வாதம் இன்னும் முடியவில்லை. வாய் வறட்சிக்குக் கேட்டவருக்கு: சீரம் சொட்டு கண்ணுக்கு மட்டுமே.