‘குவாண்டைசேஷன்’ என்பதற்குப் ‘படியாக்கம்’ பொருந்துமா?

திருமங்கலத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரி மாணவர்களுக்காகச் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். அவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் 8 ஜிபி நினைவகம் உள்ள, தனி வரைகலை அட்டை இல்லாத மடிக்கணினிகள். அவற்றில் மொழி மாதிரிகளை இயக்குவது எப்படி என்பதே கையேட்டின் பொருள். மாதிரியின் எண்களைக் குறைந்த பிட்டில் சேமிப்பதைக் குறிக்கும் ‘குவாண்டைசேஷன்’ என்ற சொல் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. ‘குவாண்டமாக்கல்’ என்று எழுதினால் மாணவர்கள் குவாண்டம் கணினியைத் தேடிப் போய்விடுகிறார்கள். ஆகவே ‘படியாக்கம்’ என்று எழுதலாமா என்று கேட்கிறேன்.

இச்சொல்லுக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். மாதிரி பயிற்சியில் கற்றுக்கொண்ட எண்களை எடைகள் என்கிறோம். 700 கோடி எடைகள் கொண்ட ஒரு மாதிரியில் ஒவ்வோர் எடையும் 16 பிட், அதாவது 2 பைட் இடம் பிடித்தால், கோப்பு 14 ஜிபி ஆகிவிடும். எங்கள் மடிக்கணினியில் அது ஏறாது. `Q4_0` என்னும் முறையில் எடைகளை 32 கொண்ட தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். தொகுதியில் அளவால் மிகப் பெரிய எண்ணை எடுத்து −8ஆல் வகுத்து, வரும் ஈவை ஒரு படியின் உயரமாகக் கொள்கிறார்கள். பிறகு ஒவ்வோர் எடையையும் அதற்கு மிக அருகில் உள்ள படியில் நிறுத்துகிறார்கள். ஒரு தொகுதியின் பெரிய எண் −0.80 என்றால் படியின் உயரம் 0.10. அதே தொகுதியில் உள்ள மற்ற சில எடைகள் இப்படி மாறும்:

```
 0.42  →   4  →   0.40
-0.27  →  -3  →  -0.30
-0.11  →  -1  →  -0.10
 0.03  →   0  →   0.00
```

நடுவில் உள்ள முழு எண்ணை மட்டுமே சேமிப்பதால் ஓர் எடைக்கு 4 பிட் போதும். 32 எடைகளுக்கு 16 பைட், படியின் உயரத்தைக் குறித்துவைக்க 2 பைட் என மொத்தம் 18 பைட் ஆகிறது. முன்பு 64 பைட் ஆயிற்று. 14 ஜிபி கோப்பு 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. வலப்பக்க எண்கள் பழைய எண்களுக்கு அருகில் இருக்கின்றனவே தவிர அவையே அல்ல. இந்த முறையில் நாம் கொடுக்கும் விலை அதுதான்.

‘படி’ என்றால் ஏறும் படியும் ஆகும், நெல் அளக்கும் படியும் ஆகும். இரண்டு பொருளும் இங்கே பொருந்துவதால் இச்சொல் என் மனத்துக்குப் பிடித்துவிட்டது. படியாக்கம், படியாக்கிய மாதிரி, படியாக்கப் பிழை, 4 பிட் படியாக்கம், படியின் உயரத்துக்குப் படியளவு என்று குடும்பமாகவும் வருகிறது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

மேலூரிலிருந்து

தம்பிக்கு வாழ்த்துகள். நான் 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு, சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

‘படி’ என்பதற்கு மூன்றாவது பொருள் ஒன்று உண்டு; அதைத் தாங்கள் விட்டுவிட்டீர்கள். நகலையும் படி என்கிறோம். ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதுவது படியெடுத்தல். பள்ளி உயிரியல் நூலில் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதையும் ‘படியெடுத்தல்’ என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். ‘படியாக்கிய மாதிரி’ என்று எழுதினால், மாதிரியை நகலெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் பொருள் கொள்வதைத் தடுக்க முடியாது.

‘படியளவு’ இதைவிடச் சிக்கலானது. மார்கழி அட்டமிச் சப்பரத்தன்று மீனாட்சியும் சொக்கநாதரும் வெளி வீதிகளில் வலம்வந்து எல்லா உயிர்க்கும் படியளப்பதாகச் சொல்கிற மதுரைப் பக்கம் இது. ‘படியளவு’ என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது வீதியில் தூவும் அரிசிதான்.

தாங்கள் சொன்னதிலிருந்து, பெரிய கோப்பைச் சிறிதாக்குவதே இந்த வேலை என்று விளங்குகிறது. அப்படியானால் ‘சுருக்கம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே? கோப்புகளைச் சுருக்கி அனுப்புவதற்கு என் பேரனும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறான்.

உசிலம்பட்டியிலிருந்து

ஐயா, வணக்கம். சிறிய மாதிரிக்கு நல்ல பெயர் தேடுகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். ‘சிறுமாதிரி’ என்பது சொல்வதற்கு எளிதாக இருக்கும்.

என் அனுபவத்தையும் எழுதலாம் என்று நினைக்கிறேன். நான் மனு எழுதித் தரும் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். நீளமான மனுக்களின் சாரத்தை நான்கு வரியில் எடுக்க, 700 கோடி எடை உள்ள ஒரு மாதிரியின் `Q2_K` கோப்பை என் 8 ஜிபி மடிக்கணினியில் இறக்கினேன். மூன்று ஜிபிக்கும் குறைவு என்பதால் அதைத் தேர்ந்தேன். ஆங்கிலத்தில் ஓரளவு சரியாக எழுதியது. தமிழில் ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப எழுதியது. சில சொற்களின் நடுவே உடைந்த குறிகள் வந்தன. மனுவில் 214/3 என்று இருந்த புல எண் சாரத்தில் 241/3 ஆகிவிட்டது. நான் ஒப்பிட்டுப் பார்த்ததால் தப்பித்தேன். சிறிய மாதிரி என்றாலே இப்படித்தானா?

மதுரை, திருநகரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மாதிரிகளைச் சிறு கருவிகளில் ஓடவைப்பது என் அன்றாட வேலை என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

மேலூர் ஐயா சொன்ன ‘சுருக்கம்’ பாதி சரி. கோப்பு சிறிதாவது உண்மை. ஆனால் ‘ஜிப்’ செய்த கோப்பை விரித்தால் ஓர் எழுத்தும் மாறாமல் பழையது திரும்பக் கிடைக்கும், இங்கே 0.42 திரும்பக் கிடைக்காது. 0.38 ஆக இருந்ததும் 0.42 ஆக இருந்ததும் இனி 0.40தான். மேலும், எடைகளில் சிலவற்றை அடியோடு நீக்குவதும் மாதிரியைச் சுருக்கும் ஒரு முறைதான். பெரிய மாதிரியைக் கொண்டு சிறிய மாதிரி ஒன்றைப் பயிற்றுவிப்பதும் அத்தகையதே. ‘சுருக்கம்’ என்பதை இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, இந்த ஒன்றுக்குத் தனிச்சொல் காண வேண்டும்.

உசிலம்பட்டி அம்மாவின் கேள்வி அதே காரணத்தால் முக்கியமானது. அவர் பயன்படுத்தியது சிறிய மாதிரி அல்ல. பெரிய மாதிரியைக் குறைந்த படிகளில் நிறுத்தியது. எடைகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஒவ்வோர் எடையின் நுணுக்கம்தான் குறைந்தது. 4 பிட்டில் 16 படிகள் உண்டு. 2 பிட்டில் நான்கே படிகள். `Q2_K` முறையில் இழப்பை ஈடுசெய்யச் சில கூடுதல் ஏற்பாடுகள் இருந்தாலும், நான்கு படிகளுக்குள் அவ்வளவு வேறுபாட்டையும் அடக்கும்போது இழப்பு வெளியே தெரியவே செய்யும்.

ஆங்கிலத்தைவிடத் தமிழில் அது கூடுதலாகத் தெரிந்ததில் எனக்கு வியப்பில்லை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட்; ‘கு’ என்பது 6 பைட். சில மாதிரிகள் ஓர் எழுத்தையே பல துண்டுகளாக உடைத்துத்தான் எழுதுகின்றன. ஓர் எழுத்து சரியாக வர, அடுத்தடுத்துப் பல துண்டுகள் பிசகாமல் வர வேண்டும். ஒன்று பிசகினால் திரையில் உடைந்த குறி வரும். போதாததற்கு, எந்த எடைகளைக் கவனமாகக் காக்க வேண்டும் என்று அளந்து பார்க்க எடுத்துக்கொள்ளும் உரை பல நேரங்களில் ஆங்கிலமாகவே இருக்கிறது.

ஆயினும் புல எண் மாறியதற்குப் படியாக்கமே காரணம் என்று இப்போதே சொல்ல மாட்டேன். 16 பிட்டிலும் மாதிரிகள் எண்களை மாற்றி எழுதுவது உண்டு. கண்டறிய வழி இருக்கிறது. அதே மாதிரியின் 8 பிட் கோப்பான `Q8_0`ஐ நினைவகம் கூடுதலாக உள்ள ஒரு கணினியில் இறக்கி, அதே 20 மனுக்களை, எழுத்தில் தற்செயல் மாற்றம் வராதபடி வெப்பநிலையைச் சுழியமாக வைத்து இரண்டிலும் கொடுங்கள். இரண்டிலும் எண் பிசகினால் குறை மாதிரியுடையது. ஒன்றில் மட்டும் பிசகினால் படியாக்கத்தைச் சந்தேகிக்கலாம். மொத்த இழப்பை அறிய, உரையில் அடுத்து வரும் துண்டை ஊகிக்க மாதிரி எவ்வளவு தடுமாறுகிறது என்று காட்டும் எண்ணான பெர்ப்ளெக்சிட்டியை, தமிழ் உரைக்கோப்பு ஒன்றின் மேல் llama.cpp மென்பொருளால் அளந்து பார்க்கலாம்:

```
llama-perplexity -m model-q8.gguf -f tamil.txt
llama-perplexity -m model-q4.gguf -f tamil.txt
```

இரண்டாவது எண் முதலாவதைவிடச் சற்றே கூடினால் பொறுத்துக்கொள்ளலாம். பெரிதாகக் கூடினால் அந்தக் கோப்பை விட்டுவிட வேண்டும். வெவ்வேறு மாதிரிகளை இந்த எண்ணால் ஒப்பிடக் கூடாது. ஒரே மாதிரியின் இரு கோப்புகளுக்கு இடையில்தான் இது செல்லும். அம்மா, உங்கள் கணினியில் உலாவியை மூடிவிட்டால் 4 ஜிபி அளவுள்ள `Q4` கோப்பு ஏறக்கூடும்; அதையே முயலுங்கள். அது திணறினால், 300 கோடி எடைகள் உள்ள மாதிரி ஒன்றை 8 பிட்டில் எடுங்கள், அது 3.2 ஜிபி அளவில் வரும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘அளவாக்கம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அளவுகோல், அளவிடல், அளவு என்று பக்கத்துக்குப் பத்து ‘அளவு’ வரும் இத்துறையில் அது கரைந்துபோகிறது. படியில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒரு தொகுதியில் ஓர் எடை மட்டும் −8.0 என்று தனித்து நின்றால் படியின் உயரம் 1.0 ஆகிவிடும். அப்போது 0.42, −0.27, −0.11, 0.03 என்ற நான்கும் சுழியமாகிவிடும். ஒரு பெரிய எண்ணுக்காக மற்றவை எல்லாம் அழிகின்றன. தொகுதியை 32 என்று சிறிதாக வைப்பதே இந்தச் சேதம் அந்த 32 எடைகளோடு நிற்கட்டும் என்றுதான். பெரிய படியால் கடுகை அளக்க முடியாது என்று மாணவருக்குச் சொன்னால் மறக்க மாட்டார்.

மேலூரிலிருந்து

திருநகர்த் தம்பி சொன்ன கடுகு எனக்கு விளங்கிவிட்டது. ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறியதால் எந்த ஊர்ப் படி என்று கேட்டுத்தான் முன்பு நெல்லுக்கு விலை பேசுவார்கள். தொகுதிக்குத் தொகுதி படி மாறுகிறது, எந்தப் படி என்று பக்கத்தில் எழுதிவைக்கிறார்கள் என்றால் அதே வழக்கம்தான். ‘சுருக்கம்’ என்பதை விட்டுவிடுகிறேன். நகல் என்ற பொருள் மயக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. ‘படியளவு’க்குப் பதிலாகப் ‘படியிடை’ என்று வைக்கலாம். இரு படிகளுக்கு இடைப்பட்ட தொலைவு என்பது நேராகவே விளங்கும்.

உசிலம்பட்டியிலிருந்து

உலாவியை மூடிவிட்டு `Q4` கோப்பை இயக்கினேன். உடைந்த குறிகள் வரவில்லை. ஒரு சாரத்துக்கு முன்பைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. புல எண் ஐந்து மனுக்களில் சரியாக வந்தது, ஆறாவதில் மீண்டும் தவறியது. ஆகவே எண்களை நானே தட்டச்சு செய்கிறேன். `Q8_0` சோதனைக்குத் தெரிந்தவர் ஒருவரின் கணினியைக் கேட்டிருக்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ‘படியிடை’யை ஏற்றுக்கொள்கிறேன். மெதுவாக ஓடியதற்குக் காரணம், ஒவ்வொரு துண்டை எழுதும்போதும் எடைகள் முழுவதையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படிக்க வேண்டியிருப்பதுதான். கோப்பு பெரிதானால் நேரமும் கூடும்.

நகல் மயக்கத்துக்கு ஒரு வழி தோன்றுகிறது. நகலுக்கு நாம் ‘படியெடு’ என்ற வினையைத்தான் பயன்படுத்துகிறோம். ‘படியாக்கு’ என்பது அவ்வளவாக வழக்கில் இல்லை. ஆகவே வினையைப் ‘படியாக்கு’ என்றே நிலைநிறுத்திவிட்டு, ‘படி’யைத் தனிப் பெயராக நகல் பொருளில் கையேடு முழுவதும் தவிர்க்கப்போகிறேன். உயிர்த்தகவலியல் படிக்கும் மாணவர்களுக்கு இது போதுமா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. அத்துறையில் பாடம் எடுப்பவர் யாரேனும் இருந்தால் எழுதுங்கள். முழு எண்ணை மீண்டும் எடையாக்கும் எதிர்ச்செயலுக்கும் சொல் அமையவில்லை. ‘படிமீட்பு’ என்று எழுதிப் பார்த்தேன். பழைய எடையே மீண்டுவிட்டது போல ஒலிப்பதால் அதை அடித்துவிட்டேன்.