வெளியிலிருந்தும் திறக்கிற குளியலறைத் தாழுக்கு என்ன பெயர்?

செ.வ., மதுரை:

அனைவருக்கும் வணக்கம். ஒரு குடியிருப்பில் புதிதாகக் குடிவருகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். குளியலறைக் கதவில் வந்து நிற்கிறேன். உள்பக்கம் விரலால் திருகுகிற சின்னக் குமிழ். வெளிப்பக்கம், அதே அச்சின் மறுமுனையில் ஒரு வட்டத் தகடு. நடுவே ஒரு கீறல். உள்ளே குழந்தையோ வயதானவரோ மாட்டிக்கொண்டால், கீறலில் காசை வைத்துத் திருப்பித் திறக்கலாம். கையேடு இதை 'பிரைவசி லாட்ச்' என்கிறது, வெளிக் கீறலை 'எமர்ஜென்சி ரிலீஸ்' என்கிறது. 'தனியுரிமைப் பூட்டு', 'அவசரத் திறப்பு' என்று எழுதி மகளிடம் வாசித்துக் காட்டினேன். "போன்ல போடுற லாக்காப்பா?" என்றாள். எழுதிய இரண்டையும் அடித்துவிட்டேன். உதவுங்கள்.

கோ.ச., சென்னை:

தனியுரிமை என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் நாங்கள்தான் பிடித்து வைத்திருக்கிறோம், மகள் சொன்னது சரி. 'அந்தரங்கத் தாழ்' என்று வைக்கலாமே? இன்னொன்று, காசு வைக்கிற கீறலுக்கெல்லாம் தனிப்பெயர் தேவையா? பழைய ஏ.டி.எம். கார்டைக் கதவிடுக்கில் செருகி வளைத்தால் எந்தப் பூட்டும் திறந்துவிடும். ஹாஸ்டலில் இருந்தபோது நான் எத்தனை கதவு திறந்திருக்கிறேன்!

இரா.த., நாகர்கோவில்:

தம்பி, கார்டு எல்லாவற்றுக்கும் ஆகாது. கதவைச் சாத்தினால் தானாகவே உள்ளே போய் 'டக்'கென்று வெளியே வருகிற, ஒரு பக்கம் சரிவாகச் சீவிய நாக்கு இருக்கிறதே, அதைத்தான் கார்டு தள்ளும். உங்கள் ஹாஸ்டலில் அது இருந்திருக்கும். செ.வ. சொல்வது திருகினால் நீள்கிற சதுர நாக்கு. அதற்குச் சரிவும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. கார்டை ஒடித்தாலும் அது நகராது.

முப்பது வருடமாகக் கதவு வேலை செய்கிறேன். கடையில் இதைப் 'பேபி லாட்ச்' என்றுதான் கேட்போம். பெயர் வைக்குமுன் சாமானைப் பாருங்கள். இதற்குச் சாவி கிடையாது, ஆகவே 'பூட்டு' வேண்டாம். 'தாழ்' சரி. வெளிப்பக்கம் மட்டும் இரண்டு விதமாக வரும். ஒன்று செ.வ. சொன்ன கீறல். மற்றது உருண்டைக் கைப்பிடியின் நடுவே ஊசி அளவு துளை. உள்ளே பொத்தானை அமுக்கினால் பூட்டிக்கொள்கிற சாதி அது. அதில் காசு எதற்கும் உதவாது. நேரான கம்பியை வளையாமல் நடுவில் விட வேண்டும். ஸ்பிரிங் தட்டுப்படும் இடத்தில் ஓர் அமுக்கு, உள்ளே பொத்தான் துள்ளி வெளியே வரும். நான் சைக்கிள் ஸ்போக்கில் ஒரு துண்டு வெட்டி, நிலைக்கு மேலே வைத்துவிட்டு வருவேன். பல் குத்தும் குச்சியை மட்டும் விடாதீர்கள். உள்ளே ஒடிந்து நின்றால் அந்தத் துளை அடைந்தே போகும்.

இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பெயர் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன்.

ப.ந., யாழ்ப்பாணம்:

ஒரு சின்னச் சிக்கல். எங்கட ஊரில திறப்பு எண்டால் சாவி. 'அவசரத் திறப்பு' எண்டு எழுதினால், ஒரு சாவி தருவினம் எண்டு நினைச்சு ஆக்கள் காவலாளியிட்டப் போய்க் கேப்பினம். கையேடு இஞ்ச வராட்டியும், பொதுச்சொல் எண்டு வைக்கேக்க இதையும் பாருங்கோ.

மீ.ரா., கோவை:

போன ஐப்பசி மழையில் என் மூன்று வயதுப் பேரன் உள்ளே தாழ் போட்டுக்கொண்டான். ஒரு ரூபாய்க் காசு கீறலில் நுழையவே இல்லை, தடிமன். பூஜை அலமாரியில் பழைய நாலணா ஒன்று கிடந்தது. 2011லேயே செல்லாமல் போன காசு, அது கச்சிதமாக உட்கார்ந்தது. திருப்பினேன். கொஞ்சம் போய், இறுக்கமாகத் திரும்பி வந்துவிட்டது. என் மகன் கத்திமுனையை விட்டுப் பார்த்தான், வழுக்கி உள்ளங்கையைக் கீறியதுதான் மிச்சம். பையன் உள்ளே அழுகிறான். கடைசியில் எதிர்வீட்டுக்காரர் வந்து கதவை ஒரு இழு இழுத்துத் திருப்பினார், திறந்துவிட்டது. ஏன் திறந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள்.

இரா.த., நாகர்கோவில்:

அம்மா, மழையில் கதவு ஊறி வீங்கும், இல்லையென்றால் கீல் தளர்ந்து தொங்கும். இரண்டிலும் நாக்கு நிலையின் ஓட்டைக்குள் ஒரு பக்கமாக அழுந்தி நிற்கும். பாரத்தை எடுக்காமல் காசைத் திருப்பினால் கீறல்தான் தேயும். அவர் இழுத்தபோது பாரம் விட்டது, அவ்வளவுதான். ஒரு கையால் கதவை மெல்ல இழுத்தும் தள்ளியும் பாருங்கள். தொங்கிய கதவென்றால் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். எந்த நிலையில் காசு இளகுகிறதோ, அப்போது திருப்புங்கள். கால் வட்டம் போதும். கத்தி வேண்டாம். கீறலை நிறைக்கிற அகலத்தில் ஒரு தட்டை ஸ்குரூடிரைவர்தான் நல்லது.

பக்கம் கேட்டீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருநாள் திருகிப் பார்த்துவிடுவதே மேல். கணக்கு இதுதான்: உள்ளே நிற்கிறவர் வலப்பக்கம் திருகித் தாழிட்டால், வெளியே நிற்கிற நீங்களும் வலப்பக்கம் திருகினால்தான் திறக்கும். எதிரெதிரே நின்று பார்க்கிறோம் இல்லையா? இடப்பக்கமாக முறுக்கி முறுக்கித்தான் பலர் கெடுக்கிறார்கள்.

இறுக்கமாகத் திரும்பி வந்தால் நாக்கு அழுந்தியிருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தால் அச்சு கழன்றுவிட்டது, அதற்குமேல் காசால் ஆகாது. கதவு வெளிப்பக்கம் திறக்கிறதென்றால் கீல் உங்கள் பக்கம் இருக்கும், ஆணியைத் தட்டி எடுக்கலாம். உள்பக்கம் திறக்கிற கதவென்றால் பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். உள்ளே கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்து, கூப்பிட்டும் சத்தமில்லை என்றால், காசு தேடாதீர்கள். சிலிண்டரை மூடச் சொல்லிவிட்டுக் கதவை உடையுங்கள்.

கோ.ச., சென்னை:

கார்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் போய்ப் பார்த்தேன், வெளியே கீறலும் இல்லை துளையும் இல்லை. உள்ளே சாதாரண நீளத் தாழ்ப்பாள். அதற்கு என்ன செய்வது?

இரா.த., நாகர்கோவில்:

ஒன்றும் செய்ய முடியாது. மாட்டிக்கொண்ட பிறகு உடைப்புதான். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் தாழ்ப்பாளை அதன் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள்.

செ.வ., மதுரை:

இப்போது தெளிவு. கோ.ச.வின் வீட்டுத் தாழ்ப்பாளும் உள்ளேதான் இருக்கிறது, ஆகவே 'உள்தாழ்' என்றால் வேறுபாடு தெரியாது. 'அந்தரங்கத் தாழ்' என்று கதவில் மாட்டுகிற சாமானைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 'மறைவுத்தாழ்' என்று வைக்கிறேன். 'மறைவா இருக்கு' என்று வீட்டில் சொல்கிற பொருள்தான். வெளிப்புறத்துக்கு 'மீட்புக்கண்'. ஊசிக்கண், சல்லடைக்கண் போல.

இரா.த., நாகர்கோவில்:

கண் நன்றாக இருக்கிறது. மீட்பு என்றால் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்! 'வெளிக்கண்' போதுமே?

ப.ந., யாழ்ப்பாணம்:

வெளிக்கண் எண்டால் ஆர் வந்திருக்கினம் எண்டு கதவால பாக்கிற கண்ணாடி ஓட்டை போல கிடக்கு. நான் மீட்புக்கண் பக்கம்.

மீ.ரா., கோவை:

'மறைவுத்தாழ்' என்றால் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்த தாழ் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

செ.வ., மதுரை:

அதுவும் நியாயம்தான். கையேடு வெள்ளிக்கிழமை போக வேண்டும், ஆகவே இப்போதைக்கு இப்படி எழுதுகிறேன்: "மறைவுத்தாழின் வெளிப்புறத்தில் மீட்புக்கண் உள்ளது. கீறலாக இருந்தால், கதவை இழுத்தோ தூக்கியோ பிடித்துக்கொண்டு, காசால் கால் வட்டம் திருப்பவும். துளையாக இருந்தால் நேரான மெல்லிய கம்பியால் அமுக்கவும்." பக்கத்தில் அம்புக்குறி போட்ட படம். இரா.த. ஐயா, கீழே 'பேபி லாட்ச்' என்றும் ஒரு வரி சேர்க்கிறேன். மறைவுத்தாழ் என்று கேட்டால் கடைக்காரர் இன்னும் சில வருடத்துக்கு முழிப்பார்.