அரை டீயும் ஆடும் பெஞ்சும்: கடைப் பதிவில் யாரை வைத்துச் சிரிப்பது?

அடிவாரம் கடைக்காரர்:
சேலத்தில் ஏற்காடு அடிவாரத்தில் டீக்கடை நடத்துகிறேன். தினமும் காலையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வரி நகைச்சுவை போடுவேன். அதையே கடைவாசல் கரும்பலகையிலும் எழுதுவேன். சென்ற மாதம் எழுதியது இது: "மாலை 5 மணி. அரை டீ. முழுச் செய்தித்தாள். இனி பெஞ்சுக்கு வாடகை வாங்கலாமா?" பலர் சிரிப்புக் குறி அனுப்பினார்கள். ஆனால் தினமும் ஐந்து மணிக்கு வரும் ஓய்வு பெற்ற பெரியவர் மறுநாள் முதல் வரவில்லை. நான் யார் பெயரையும் எழுதவில்லையே என்று முதலில் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இதே போன்ற அனுபவம் உள்ளவர்கள் எப்படிச் சரிசெய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஐந்து ரோடு வாசகர்:
பெயர் இல்லை என்றால் தவறும் இல்லை. அவர் வேறு காரணத்தால் வராமல் இருந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் அஞ்சினால் விலைப்பட்டியலைத் தவிர வேறெதையும் எழுத முடியாது.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:
பெயர் வேண்டாம் என்பது பாதிதான் சரி. நானும் என் கணவரும் பதினொரு ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறோம். சிறிய கடையில் நேரமும் கேட்கும் டீயும் சேர்ந்தாலே அது ஒருவருடைய பெயராகிவிடும். "ஐந்து மணி, அரை டீ, செய்தித்தாள்" என்ற மூன்று அடையாளங்களுக்கும் உங்கள் கடையில் எத்தனை பேர் பொருந்துவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர்தான் என்றால், அவரைக் கைநீட்டிக் காட்டியதாகத்தான் பொருள். வாடகை என்ற சொல் அதைவிட மோசம். காசு குறைவாகச் செலவழிக்கிறார் என்று ஊரறியச் சொல்லிவிடுகிறது. அரை டீ கேட்பவருக்குச் சர்க்கரை நோய் இருக்கலாம், கையில் காசு இல்லாமலும் இருக்கலாம். அது நமக்குத் தெரியாது.

எனக்கும் ஒரு முறை சறுக்கியது. வெள்ளிப் பட்டறைக்கு வேலைக்கு வந்த வடமாநிலத் தம்பி ஒருவர் "அண்ணா, சாயா" என்று கேட்கும் விதத்தை அப்படியே எழுத்தில் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அதன்பின் வாய்திறந்து கேட்காமல் விரலால் ஒன்று என்று காட்டத் தொடங்கினார். நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது எங்கள் பதிவுகளில் அடிபடுவது பாய்லர், வடிகட்டி, மழை, என் கணவரின் கையெழுத்து ஆகியவை மட்டுமே. உங்கள் வரியிலும் ஆளை எடுத்துவிட்டுப் பெஞ்சை வையுங்கள்: "எங்கள் பெஞ்சில் மூன்று கால் உறுதியாக நிற்கிறது, நான்காவது அடிக்கடி கட்சி மாறுகிறது." பேப்பர் படிப்பவரும் அதைப் படித்துவிட்டு அதே பெஞ்சில் உட்காரலாம்.

பேக்கரி நண்பர்:
என் கடையில் கடன் வைத்தவர்கள் மாதக் கணக்கில் தருவதில்லை. அவர்களின் கணக்கைக் கிண்டலாக எழுதிப் போட்டால் பணம் வருமா?

செவ்வாய்ப்பேட்டை அக்கா:
தம்பி, அது நகைச்சுவை அல்ல, வசூல். பணமும் வராது, ஆளும் வரமாட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஏரிக்கரைத் தம்பி:
நான் ஏற்காட்டில் இருக்கிறேன். மலை ஏறும்போது வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இறங்கும் சுற்றுலாப் பயணிகளைப் பற்றி கோடை விழா நேரத்தில் ஒரு பதிவு போட்டேன். ஏற்கெனவே தலைசுற்றலோடு வந்த ஒரு தாய், அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். பிறகு அதை மாற்றினேன்: "20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துவிட்டீர்கள். எங்கள் சூடான கண்ணாடி டம்ளரைப் பிடிப்பது 21ஆவது." இதில் சூடு டம்ளருக்கு, பெருமை ஏறி வந்தவருக்கு. இதைப் பலர் படம் எடுத்துப் போகிறார்கள்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், "நான் ஆறு ஸ்பூன் சர்க்கரை போடுவதை எழுது" என்று அவரே கேட்கிறார். எழுதலாமா?

ஐந்து ரோடு வாசகர்:
அவரே கேட்டால் தாராளமாக எழுதலாம்.

செவ்வாய்ப்பேட்டை அக்கா:
அவர் சிரிப்பார், அது சரி. அதே பலகையை, நேற்றுத்தான் மருத்துவர் சர்க்கரையை நிறுத்தச் சொன்ன இன்னொருவரும் படிப்பார். நான் என்றால் எழுத மாட்டேன். ஆனால் இதில் அவரவர் கடைக்குத் தகுந்த முடிவுதான்.

ஏரிக்கரைத் தம்பி:
அடிவாரத்து அண்ணா, அந்தப் பெரியவர் திரும்பி வந்தாரா?

அடிவாரம் கடைக்காரர்:
வந்தார். பழைய வரியை அழித்துப் பெஞ்சு வரியை எழுதிய மூன்றாம் நாள், அதே ஐந்து மணிக்கு. பலகையைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. முழு டீ கேட்டு, நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்.