விழாச் சுவரொட்டி சிறிய கைப்பேசியில் படிக்க முடியவில்லை: எந்தத் தமிழ் எழுத்துருவைப் போடலாம்?

நிரல்தேவி:
வணக்கம். எங்கள் விழாவுக்கான சுவரொட்டியைப் படமாக்கிச் செய்திக் குழுக்களில் அனுப்பினேன். கணினியில் பளிச்சென்று தெரியும் படம், சிறிய கைப்பேசிகளில் எழுத்தெல்லாம் அப்பிக்கொண்டு தெரிகிறது. மாலை 6.30 என்பதை 8.30 என்று படித்துவிட்டு மூவர் தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். சிறிய திரையிலும் தெளிவாக இருக்கும் எழுத்துரு எது என்று சொன்னால் உடனே மாற்றிவிடுகிறேன். நாளைக் காலைக்குள் மறுபடியும் அனுப்பியாக வேண்டும்.

பத்துவிரல்:
இதில் எழுத்துருவின் மீது குற்றமே இல்லை. அனுப்பும் செயலி படத்தைச் சுருக்கிக் கெடுத்துவிடுகிறது. படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். முடிந்தால் 600 டிபிஐ வைத்து மறுபடியும் ஏற்றுமதி செய்யுங்கள். எனக்கு எப்போதும் அதுவே தீர்வாக இருந்திருக்கிறது.

அச்சுக்கோவையார்:
எழுத்துரு எது என்று கேட்பவர், இப்போது எந்த எழுத்துருவைப் போட்டிருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. படத்தின் அளவைச் சொல்லவில்லை. எழுத்தின் அளவையும் சொல்லவில்லை. நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வந்து மருந்து கேட்பதைப் போன்றது இது. இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை விடை எழுதியிருக்கிறேன் என்பதை எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

கூடத்துக்காரர்:
நாங்கள் வாயிலில் கட்டிய பத்தடிப் பதாகையில் எழுத்தின் உயரத்தை அரை அடிக்குக் குறையாமல் வைத்தோம். சாலையின் மறுபக்கத்திலிருந்தும் படிக்க முடிந்தது. நீங்களும் அவ்வாறே செய்யலாமே?

மைக்கூடு:
ஐயா, அவர் கேட்பது துணியில் அச்சிடும் பதாகையைப் பற்றியன்று, கைப்பேசியில் பார்க்கும் படத்தைப் பற்றி. நிரல்தேவி அவர்களே, ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தக் கைப்பேசியில் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் எழுத்து தெளிகிறதா, அல்லது பெரிதாக்கிய பிறகும் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டே இருக்கின்றனவா? தெளிந்தால் சிக்கல் அளவில் இருக்கிறது; தெளியாவிட்டால் எழுத்தின் தடிமனிலோ நிறத்திலோ இருக்கிறது. விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

நிரல்தேவி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். அச்சுக்கும் அதையே கொடுக்க வேண்டும் என்பதால் ஏ3 அளவில், 300 டிபிஐயில், 3508க்கு 4961 புள்ளிகளாகச் செய்தேன். நிகழ்ச்சி நிரல் மொத்தம் 24 வரிகள்; எழுத்தளவு 24 பாயிண்ட். எழுத்துரு பவனம், தடிமன் வேண்டும் என்பதற்காக ‘B’ பொத்தானை அழுத்தியிருக்கிறேன். நிரல் முழுவதும் கரும்பச்சைப் பட்டையின் மேல் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. குழுவிலிருந்து திரும்ப இறக்கிப் பார்த்தபோது படம் 1131க்கு 1600 என்று சுருங்கியிருந்தது. பெரிதாக்கினால் பெரும்பாலான எழுத்துகளைப் படிக்க முடிகிறது. ஆனால் ‘பண்ணிசை’ என்பது ‘பன்னிசை’யைப் போலத்தான் தெரிகிறது.

பத்துவிரல்:
பார்த்தீர்களா, 3508 இருந்தது 1131 ஆகிவிட்டது. நான் சொன்னது அதுதான்.

மைக்கூடு:
சுருங்கியது உண்மை, ஆனால் முதல் காரணம் அதுவன்று. பல சிறிய கைப்பேசிகளின் திரை அகலமே 720 புள்ளிதான். 1131 புள்ளி வந்து சேர்ந்தாலும் முழுப் படத்தைக் காட்டும்போது திரை அதை 720க்குச் சுருக்கியே காட்டும். 600 டிபிஐயில் செய்தாலும் தாளில் எழுத்துக்குரிய பங்கு மாறாது என்பதால், கண்ணுக்குத் தெரிவது இம்மியும் பெரிதாகாது. கோப்பாக அனுப்பினால் பெரிதாக்கிப் பார்ப்பவருக்குக் கொஞ்சம் உதவும். ஆனால் திறந்து பார்ப்பவர்களே குறைந்துவிடுவார்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 300 டிபிஐயில் 24 பாயிண்ட் என்பது 100 புள்ளி. அதாவது படத்தின் அகலத்தில் 35இல் ஒரு பங்கு. திரையின் அகலம் ஏறத்தாழ 68 மில்லிமீட்டர் என்று கொண்டால் எழுத்தளவு 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக வருகிறது. அதிலும் மேல்விலங்கு, புள்ளி, கீழே இறங்கும் உகரக் குறி ஆகியவற்றுக்கான இடத்தைக் கழித்தால், ‘ண’வின் உடலுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் மூன்று சுழிகளை எந்த எழுத்துருவாலும் காட்ட முடியாது. அகலத்தில் 22இல் ஒரு பங்குக்குக் கீழே நிரல் எழுத்தை இறக்காதீர்கள் என்பதே நான் கைக்கொள்ளும் அளவு. 1080 புள்ளி அகலப் படத்தில் அது 48 அல்லது 49 புள்ளி ஆகும்.

இரண்டாவது, அந்த ‘B’ பொத்தான். பவனத்தில் ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. வரைந்த தடித்த வடிவம் இல்லாதபோது, செயலி இருக்கின்ற கோட்டையே சுற்றிலும் பூசித் தடிமனாக்குகிறது. கோடு உள்பக்கமாகவும் வளர்வதால் சுழிகள் அடைகின்றன, ‘கொ’வுக்கும் ‘கோ’வுக்கும் உள்ள வேறுபாடு மறைகிறது, 6இன் திறந்த வாய் மூடி 8 ஆகிறது. பெரிதாக்கிய பிறகும் ‘பண்ணிசை’ தெளியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். தடிமன்களைத் தனித்தனியே வரைந்து வைத்திருக்கும் முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை போன்றவற்றில் ஒன்றை எடுத்து, SemiBold என்று பட்டியலில் தெரிவதைத் தேர்ந்தெடுங்கள். அதைவிடத் தடித்ததைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கோவையார்:
நிறத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். படத்தின் நிறத்தை நீக்கிச் சாம்பல் நிறமாக்கிப் பாருங்கள்; சிவப்பும் கரும்பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். போதாக்குறைக்கு, ஜேபெக் வடிவம் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை முழு நுணுக்கத்தோடும் நிற வேறுபாட்டை அதில் பாதி நுணுக்கத்தோடும்தான் சேமிக்கிறது. நிறத்தை மட்டுமே நம்பி நிற்கும் எழுத்தின் விளிம்பு கலங்காமல் என்ன செய்யும்? பட்டை பச்சையாகவே இருக்கட்டும், எழுத்தை வெள்ளையாக்குங்கள். இதெல்லாம் அரிச்சுவடி.

பழையதட்டச்சு:
யூனிகோடு எழுத்துருக்கள் எல்லாமே மெலிந்தவை. பாமினி விசைப்பலகைக்கென வந்த பழைய எழுத்துருக்களில் இருந்த வளம் இவற்றில் இல்லை. சுவரொட்டி என்றால் நான் இன்றும் அவற்றைத்தான் எடுக்கிறேன்.

அச்சுக்கோவையார்:
இன்னுமா அவற்றைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? யூனிகோடில் இல்லாததைத் தேடவும் முடியாது, வேறிடத்தில் ஒட்டவும் முடியாது.

பழையதட்டச்சு:
படத்துக்குள் இருக்கும் எழுத்தை எவர் தேடப் போகிறார்? படமான பின் அது வெறும் புள்ளிகள்தானே?

மைக்கூடு:
அந்த ஒன்றில் அவர் சொல்வது சரி. படத்தில் குறியாக்கம் தெரியாது. வரைந்த வடிவம் மட்டுமே தெரியும். ஆனால் நேரம் மாறினால் திருத்தப்போவது மூலக்கோப்பை. அதைத் திறப்பவரிடம் அந்தப் பழைய எழுத்துரு இல்லையென்றால் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். மற்றபடி மெலிவு என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறுவது. பழையது, புதியது என்று பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நிரல்தேவி:
48 புள்ளி வைத்தால் 24 வரிகளும் அடங்கவில்லை. வரி இடைவெளியைக் குறைத்து நெருக்கட்டுமா?

மைக்கூடு:
நெருக்காதீர்கள். மேல்வரியின் ‘கூ’ இறங்கி வந்து கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். அந்தப் புள்ளியைத் தவறவிட்டால் ‘ன்’ என்பது ‘ன’ ஆகிவிடும். எழுத்தளவைப் போல 1.4 மடங்கு, அதாவது வரிக்கு 67 புள்ளி வேண்டும். 1080க்கு 1350 படத்தில் தலைப்புக்கும் ஓரத்துக்கும் 450 போனால் மிச்சம் 900. அதில் 13 வரிகள்தான் நிற்கும். ஆகவே அச்சுப் படத்தை அப்படியே விட்டுவிட்டு, கைப்பேசிக்கென்று பன்னிரண்டு வரிகள் வீதம் இரண்டு படங்கள் செய்யுங்கள். தொடக்க நேரத்தை மட்டும் தலைப்புக்குக் கீழே 64 புள்ளியில் தனியாக நிறுத்துங்கள்.

கூடத்துக்காரர்:
இரண்டு படம் அனுப்பினால் ஒன்றை மட்டும் பிறருக்கு அனுப்பிவிடுவார்களே? எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

மைக்கூடு:
அனுப்புவார்கள். இரண்டிலும் நாள், இடம், தொடக்க நேரம் மூன்றையும் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நிரல்தேவி:
முக்தா மலர், வெள்ளை எழுத்து, இரண்டு படங்கள். வீட்டிலிருக்கும் பழைய கைப்பேசியில் ‘பண்ணிசை’யின் மூன்று சுழிகளும் தெரிகின்றன. மிக்க நன்றி. பழைய படத்தை இன்னும் யாரோ அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சற்று முன்புகூட ஒருவர் 8.30 தானே என்று கேட்டார்.